முகம் மாறாது, மச்சம் மறையும்

கையில் ஒரே ஒரு பாஸ்போர்ட் போட்டோ. அதில் இருக்கும் பெண்ணை மழைக்கோட்டு மாட்டிச் சைக்கிள் ஓட்ட வைக்கலாம், விண்வெளி உடையில் நிற்க வைக்கலாம், வக்கீல் அங்கியில் நீதிமன்றப் படியேற வைக்கலாம். மூன்று படத்தைப் பார்த்தாலும் தெரிந்தவர்கள் அவர்தான் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தாடையில் இருந்த மச்சத்தைத் தேடினால் இரண்டு படங்களில் இல்லை. மூன்றாவதில் கன்னத்துக்கு ஏறியிருக்கிறது.

முகத்தைப் பிடித்த கணினி மச்சத்தைக் கோட்டைவிடுவது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

2022இல் கூகுள் ஆய்வாளர்கள் கொண்டுவந்த 'ட்ரீம்பூத்' முறை வேறு மாதிரி. ஒருவருடைய மூன்று முதல் ஐந்து படங்களைக் கொடுத்து, படம் வரையும் மாடலையே மறுபடி பயிற்ற வேண்டும். அர்த்தமில்லாத ஒரு சொல்லை அந்த ஆளுக்குப் பெயராக முடிந்துவிட்டு, பிறகு அந்தச் சொல்லை வைத்தே படம் கேட்பார்கள். முகம் நன்றாக வரும். ஆனால் ஆளுக்கு ஆள் தனிப் பயிற்சி. தவிர, எல்லாப் படத்திலும் அதே நீலச் சட்டை இருந்தால் சட்டையும் ஆளோடு ஒட்டிக்கொள்ளும். எது ஆள், எது சட்டை என்று மாடலுக்கு யார் சொன்னார்கள்?

2024 ஜனவரியில் வெளியான 'இன்ஸ்டன்ட் ஐடி' இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. போட்டோவில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஆளை அடையாளம் காணும் ஒரு வலைப்பின்னலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து 512 எண்கள் வருகின்றன. ஒரே ஆளின் எத்தனையோ படங்களைக் காட்டி, அத்தனைக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வரிசை வர வேண்டும், அடுத்த ஆளுக்கு வெகுதூரம் தள்ளி வர வேண்டும் என்று பழக்கப்பட்ட வலைப்பின்னல் அது. அதனால் படத்துக்குப் படம் மாறும் வெளிச்சம், ஒப்பனை, முகபாவம் போன்றவற்றைக் கூடியவரை ஒதுக்கக் கற்றிருக்கிறது. சட்டை அதன் கண்ணிலேயே படுவதில்லை. அது பார்ப்பது பெரும்பாலும் 112 பிக்சல் சதுரத்துக்குள் அடங்கிய முகத்தைத்தான்.

இனி வரைதல். மாடல் வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக அதைத் துடைத்து உருவம் கொண்டுவருகிறது. ஒவ்வொரு படியிலும் நாம் எழுதிய விவரிப்பைக் கலந்துகொள்ளும். முகத்தின் எண்களுக்குத் தனி வாசல் வைத்து, இரண்டின் விளைவையும் கூட்டிக்கொள்கிறார்கள். அங்கியையும் படிக்கட்டையும் சொற்கள் தீர்மானிக்க, முகத்தை எண்கள் தீர்மானிக்கின்றன.

முக வாசலை எவ்வளவு திறப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 0.8 போன்ற மதிப்பில் தொடங்குவது வழக்கம். ஏற்றினால் சாயல் கூடும், ஆனால் "வாய்விட்டுச் சிரிக்கிறார்" என்று எழுதினாலும் முகம் விறைப்பாகவே நிற்கும். இறக்கினால் சிரிப்பு வரும், சிரிப்பவர் அவருடைய சித்தி மகள் மாதிரி இருப்பார்.

முகம் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்பதைக் கண்கள், மூக்கு, வாயின் இரு ஓரங்கள் ஆகிய ஐந்து புள்ளிகள் சொல்லும். இவற்றையும் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்தே எடுத்தால் சைக்கிளில் போகிறவரும் நேராக கேமராவை முறைப்பார். தலை திரும்பிய வேறொரு படத்திலிருந்து புள்ளிகளை எடுத்துக் கொடுத்தால் சரியாகும். அப்போதும் பக்கவாட்டில் மூக்கின் உயரம் ஊகம்தான். நேர்முகப் படத்தில் அந்தத் தகவல் சரியாக இல்லை.

மச்சத்தின் கதையும் இதுவே. சிறிய சதுரத்துக்குள் அது ஓரிரு பிக்சல். சில படங்களில் பவுடர் மூடியிருக்கும், சிலவற்றில் நிழல் விழுந்திருக்கும். அதை நம்பி ஆளைக் கண்டுபிடிக்க முடியாததால் வலைப்பின்னல் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. உடையை மறக்கும் அதே பழக்கம் மச்சத்தையும் தழும்பையும் மறக்கிறது. வேண்டுமென்றால் விவரிப்பில் எழுதிப் பார்க்கலாம். நிச்சயமாக வேண்டுமென்றால் கடைசியில் கையால் வைக்க வேண்டியதுதான்.

தூரத்துக் காட்சியில் தொல்லை வேறு. 1024 பிக்சல் படத்தை மாடல் உள்ளே எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் கையாள்கிறது. படியேறும் வக்கீலின் முகம் 64 பிக்சல் என்றால், அதற்குக் கிடைப்பது எட்டுக்கு எட்டுக் கட்டங்கள். அதில் இமை எப்படி வரும்? முகப் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, மறுபடி வரைந்து, அதே இடத்தில் ஒட்டுகிறார்கள்.

சாயலைச் சோதிக்கவும் இதே மாதிரி எண்களை ஒப்பிடுவார்கள். வரையப் பயன்பட்ட வலைப்பின்னலையே மார்க் போடச் சொன்னால் அது தாராளமாகப் போடும், ஆகவே வேறொன்று வேண்டும். அதுவும் போதாது. எல்லாப் படத்திலும் ஒரே அரைப்புன்னகை ஒட்டிக்கிடந்தாலும் மதிப்பெண் உயர்வாகவே வரும். கணினிக்குக் கொடுக்காத நிஜப் படங்கள் சிலவற்றை, அவர் சிரித்ததும் திரும்பிப் பார்த்ததுமாக, பக்கத்தில் வைத்து அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதே நம்பகமான சோதனை.