திங்கட்கிழமைக்கு முன்பே போக வேண்டிய மின்னஞ்சல்

புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வரும். சான்றிதழ் நகல், வங்கிக் கணக்கு, பி.எஃப். படிவம் என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். முதல் நாள் யாரைப் போய்ப் பார்ப்பது, என்ன வேலை செய்வது என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. அதை எழுத வேண்டியவர் குழுத்தலைவர்.

சென்னை தரமணியில் ஒரு மென்பொருள் குழு. அதில் டெஸ்டராக ஒரு பெண் திங்கட்கிழமை சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழுத்தலைவரின் மின்னஞ்சல் வியாழக்கிழமையே அவருடைய சொந்த முகவரிக்குப் போய்விட வேண்டும். அலுவலக முகவரிக்கு அனுப்பினால், முதல் நாள் லேப்டாப் கைக்கு வந்த பிறகுதான் படிப்பார்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: “திங்கள் காலை 9.30-க்கு இரண்டாவது வாசலுக்கு வாருங்கள். புகைப்பட அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். ரிசப்ஷனில் நான் இருப்பேன். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், டிஃபன் பாக்ஸ் வேண்டாம்.”

சந்திக்க வேண்டியவர்கள் என்று பன்னிரண்டு பெயர்களையும் பதவிகளையும் அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. முதல் வாரத்துக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொருவரிடமும் என்ன கேட்பது என்பதையும் எழுதிவிட வேண்டும். “செவ்வாய் 11 மணிக்கு டேட்டாபேஸ் பார்ப்பவரோடு அரை மணி நேரம். எந்தத் தரவை வைத்துச் சோதிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று கேளுங்கள்.” அந்த மூவருக்கும் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் காலண்டரில் நேரத்தைப் பிடித்து வைப்பதும் குழுத்தலைவரின் வேலை.

அதிகம் சிக்குவது மென்பொருள் கருவிகளில்தான். ஒன்று திறந்தால்தான் அடுத்தது திறக்கும். முதலில் அலுவலக மின்னஞ்சல், பிறகு கைப்பேசியில் சரிபார்ப்புச் செயலி, அதன்பின் வி.பி.என்., கடைசியில் ஜிராவும் கிட்டும். இந்த வரிசையிலேயே எழுதி, எது எதற்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாஸ்வேர்டை மட்டும் மின்னஞ்சலில் எழுதவே கூடாது. பல அனுமதிகளுக்கு ஐ.டி. பிரிவின் ஒப்புதல் வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். ஆகவே அவர் சேருவதற்கு முன்பே டிக்கெட் போட்டிருக்க வேண்டும்.

ஐந்து நாளையும் கூட்டங்களால் நிரப்பிவிடாமல், புதன் முதல் ஒரு சின்ன வேலையைக் கொடுக்கலாம். ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட ஒரு பிழையை மறுபடி சோதித்து, ஜிராவில் முடித்துவைப்பது நல்ல தேர்வு. அதைச் செய்துமுடிக்கும்போது எல்லா அனுமதிகளும் வேலை செய்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். புதன் மாலையிலும் அவர் பழைய ஆவணங்களையே படித்துக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு அனுமதி வரவில்லை என்று பொருள். புதியவர் கூச்சத்தில் சொல்ல மாட்டார், நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

வெள்ளி மாலை 4 மணிக்கு அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, மின்னஞ்சலில் எது விட்டுப்போயிற்று என்று கேட்டு, அடுத்து வருபவருக்கான வரைவில் அன்றே திருத்திவிடலாம்.