கூட்டும் முன் பார்க்க வேண்டிய மதிப்பெண் பட்டியல்

பதினைந்து மாணவர்கள் எழுதிய கணக்குத் தேர்வு. மொத்தம் 100 மதிப்பெண். விடைத்தாளைப் பார்த்து எக்செல் தாளில் C2 முதல் C16 வரை ஏற்றிய எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

62, 58, 71, 660, 49, 55, 0, 74, 68, 53, 64, 9, 65, 59, 70

இதற்கு `=AVERAGE(C2:C16)` போட்டால் 96.64 வருகிறது. 660 என்ற ஒன்றைத் தவிர, பட்டியலில் 74-ஐத் தாண்டிய எண்ணே இல்லை. ஆனாலும் எக்செல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் விடையைத் தந்துவிடும். கொடுத்த எண்ணைக் கூட்டுவது மட்டுமே அதன் வேலை. 100-க்கு நடந்த தேர்வில் 660 எடுக்க முடியாது என்பது அதற்குத் தெரியாது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை எண்கள் இருக்கின்றன, மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது என்பதைத்தான்.

```
=COUNTA(C2:C16)
=COUNT(C2:C16)
=MAX(C2:C16)
=MIN(C2:C16)
```

முதல் சூத்திரம் நிரம்பிய கட்டங்களை எண்ணி 15 என்கிறது. இரண்டாவது எண்களை மட்டும் எண்ணி 14 என்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு கட்டத்தில் எண்ணைப் போலத் தோன்றும் எழுத்து இருக்கிறது. அது 64. வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது எண்கள் இப்படி எழுத்தாக மாறிவிடுவதுண்டு. மற்ற எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இது இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். சராசரி போடும்போது எக்செல் இந்த மாணவரைச் சொல்லாமலே விட்டுவிடும் என்பதால், பட்டியலில் உள்ளவற்றில் கண்ணுக்கு எளிதில் படாத பிழை இதுதான்.

மிகப் பெரிய எண் 660. விடைத்தாளில் இருப்பது 66. விசை ஒருமுறை கூடுதலாக அழுந்தியிருக்கிறது. மிகச் சிறியது 0. இதைப் பார்த்ததும் வருகைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். தேர்வு எழுதி சுழியம் வாங்கியவரும், தேர்வுக்கே வராதவரும் ஒன்றல்ல. இந்த மாணவர் வரவில்லை என்று பதிவேடு சொல்கிறது; எனவே 0-வை நீக்கி AB என்று இட வேண்டும். எழுத்தாக இருப்பதால் சராசரி அதைக் கணக்கில் சேர்க்காது.

இனி 14 எண்கள். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கினால்:

9, 49, 53, 55, 58, 59, 62, 64, 65, 66, 68, 70, 71, 74

9 தனித்து நிற்பது பார்த்ததுமே தெரிகிறது. ஆயிரம் பேரின் பட்டியலில் அப்படித் தெரியாது. அதற்கு ஒரு வரம்பு வேண்டும். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி காட்டிய வழி எளிது. கீழ்ப்பாதி ஏழு எண்களின் நடு எண் 55, மேல்பாதியின் நடு எண் 68. இடைவெளி 13. அதை ஒன்றரை மடங்காக்கினால் 19.5. 55-இலிருந்து அதைக் கழித்தால் 35.5, 68-உடன் கூட்டினால் 87.5. இவ்விரண்டுக்கும் வெளியே விழும் எண்ணை விடைத்தாளோடு ஒப்பிட வேண்டும்.

பலர் இதற்குத் திட்ட விலக்கத்தைக் கையாள்கிறார்கள். சுத்தம் செய்யாத பட்டியலில் அது ஏமாற்றிவிடும். முதல் பட்டியலின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 164. சராசரியிலிருந்து இரண்டு மடங்கு கழித்தால் கீழ் வரம்பு சுழியத்துக்கும் கீழே போய்விடும். 9 சந்தேகத்துக்கே ஆளாகாது. ஒரு பெரிய பிழை மற்றொன்றை மறைத்துவிடுகிறது. நடு எண்களை நம்பும் டூக்கியின் முறையில் ஒற்றை 660 அவ்வளவு ஆட்டம் காட்ட முடியாது.

வரம்புக்கு வெளியே விழுந்தது என்பதற்காக 9-ஐ நீக்குவது தவறு. விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், மாணவர் இரண்டே கேள்விகளுக்கு விடை எழுதி 9 வாங்கியிருக்கிறார். அது அவருடைய உண்மையான மதிப்பெண். பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

வரம்புக்கு உள்ளேயே ஒளிந்திருக்கும் பிழையை இந்தச் சோதனைகள் எதுவும் பிடிக்காது. அதற்கு விடைத்தாள் கட்டின் மதிப்பெண்களைத் தனியே கையால் கூட்டி வைத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டல் 850. திருத்திய எக்செல் தாளிலோ 823. வித்தியாசம் 27. கணக்கெழுதுவோர் நெடுங்காலமாக அறிந்த ஒரு குறிப்பு இங்கே கைகொடுக்கிறது: வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 27-ஐ 9-ஆல் வகுத்தால் 3. தாளில் தொகை குறைவதால், ஒன்றின் இலக்கம் பத்தின் இலக்கத்தைவிட 3 அதிகமாக உள்ள எண்ணைத் தேட வேண்டும். பட்டியலில் அப்படி இருப்பது 58 ஒன்றுதான். விடைத்தாளில் 85.

அதையும் திருத்திய பின் 850-ஐ 14-ஆல் வகுத்தால் சராசரி 60.71. ஒரே தொகைக்கு இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டினால் மட்டும் கூட்டலும் பொருந்திவிடும். அந்த ஐயத்தையும் தீர்க்க ஒருவர் விடைத்தாளிலிருந்து வாசிக்க, மற்றொருவர் திரையில் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.