இறந்தவரின் ஃபேஸ்புக் கணக்கைப் பூட்டுவது யார், எப்போது?

2012 டிசம்பர். பெர்லின் நகரின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் 15 வயதுச் சிறுமி ரயிலில் அடிபட்டு இறந்துபோனாள். தவறி விழுந்தாளா, தானே விழுந்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதாவது தடயம் கிடைக்குமா என்று பார்க்க அவளுடைய ஃபேஸ்புக் கணக்கைத் திறக்க முயன்றார் தாய். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், மகள் உயிரோடு இருந்தபோதே கொடுத்ததுதான். ஆனால் கணக்கு திறக்கவில்லை. அதற்குள் யாரோ ஒருவர் மரணச் செய்தியை நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தார். அவர்களும் அதை நினைவுக் கணக்காக மாற்றிவிட்டார்கள்.

பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 2015இல் கீழ் நீதிமன்றத்தில் வெற்றி, 2017இல் மேல்முறையீட்டில் தோல்வி. 2018 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. இறந்தவரின் கடிதங்களும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போவதைப் போல கணக்கு ஒப்பந்தமும் வாரிசுக்குப் போகும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். உடனே கணக்கைத் திறந்து விட்டார்களா என்றால், இல்லை. 14,000 பக்கங்களுக்கு மேல் நீண்ட ஒரு பிடிஎஃப் கோப்பை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். எங்கிருந்து எங்கே தேடுவது? பெற்றோர் மறுபடியும் படியேறினார்கள். கணக்கை உள்ளே சென்று பார்க்கவே வழி செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னது. மரணத்துக்கும் அந்த உத்தரவுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சின்னப் படிவம். அதை நிரப்பியவர் நல்ல மனதோடுதான் நிரப்பியிருப்பார்.

ஃபேஸ்புக்கில் இறந்தவரின் கணக்கை இரண்டு விதமாக முடித்து வைக்கலாம். ஒன்று நினைவுக் கணக்கு. பெயருக்கு அருகே Remembering என்ற சொல் வரும். பழைய படங்களும் பதிவுகளும் முன்பு யார் கண்ணுக்குத் தெரிந்தனவோ அவர்களுக்குத் தொடர்ந்து தெரியும். பிறந்தநாள் நினைவூட்டலும் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்ற பரிந்துரையும் நின்றுவிடும். திதி கொடுத்து முடித்த மறுவாரம் ‘இன்று அப்பாவின் பிறந்தநாள், வாழ்த்துங்கள்’ என்று கைப்பேசி கூவுவதைக் கேட்ட குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டாவது, கணக்கை அடியோடு நீக்குவது. நீக்கினால் படம், கருத்து, உரையாடல் எல்லாம் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. நினைவுக் கணக்காக மாறியபின் யாரும் அதற்குள் நுழைய முடியாது. சரியான கடவுச்சொல் இருந்தாலும் முடியாது. ஹேக்கர்களிடமிருந்து காப்பதற்காகப் போட்ட பூட்டு இது, குடும்பத்தையும் சேர்த்தே வெளியே நிறுத்துகிறது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இறந்தவர் ஒரு கடைக்கோ கோயில் கமிட்டிக்கோ ஊர் நூலகத்துக்கோ ஃபேஸ்புக் பக்கம் நடத்தி, அதற்கு அவர் ஒருவரே நிர்வாகியாக இருந்தால், நினைவுக் கணக்கு ஆன பிறகு அந்தப் பக்கமும் நீக்கப்படும். கடையின் பத்து வருட வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் காணாமல் போவார்கள்.

ஆகவே பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் படிவத்தை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அப்படி ஒரு கெடு ஃபேஸ்புக்கிலேயே கிடையாது. முதலில் குடும்பம் உட்கார்ந்து பேசட்டும்: வைத்திருப்பதா, நீக்குவதா, எந்தப் படங்கள் வேண்டும், பக்கம் ஏதும் நடத்தினாரா. நண்பர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் மரணத்துக்கு ஆதாரம் காட்டும் நண்பர் ஒருவரே நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லிவிட முடியும். நீக்கச் சொல்லும் உரிமை அப்படியல்ல. நெருங்கிய குடும்பத்தினரோ உயில்படி சொத்தை நிர்வகிப்பவரோதான் அதைக் கேட்கலாம்.

சரி, என்னென்ன கேட்பார்கள்?

நினைவுக் கணக்குக்கான படிவம் எளிது. இறந்தவரின் ஃபேஸ்புக் முகவரி, இறந்த தேதி, விண்ணப்பிப்பவரின் மின்னஞ்சல், மரணத்துக்கு ஓர் ஆதாரம். பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தியோ நினைவு அட்டையோ இறப்புச் சான்றிதழோ ஆதாரமாகலாம். நீக்குவதென்றால் இறப்புச் சான்றிதழின் படம்தான் சீக்கிரம் வேலை முடிக்கும். அது கையில் இல்லையென்றால் இரண்டு ஆவணங்கள் சேர வேண்டும்: இறந்தார் என்பதைக் காட்டும் இரங்கல் அறிவிப்பு போன்ற ஒன்று, விண்ணப்பிப்பவருக்கு உரிமை உண்டு என்பதைக் காட்டும் உயில், அதிகாரப் பத்திரம் போன்ற ஒன்று. இறந்தவர் சிறுவர் என்றால் உரிமையைக் காட்ட அவருடைய பிறப்புச் சான்றிதழ் போதும். தேவையில்லாத எண்களை மறைத்துவிட்டு அனுப்பலாம் என்று நிறுவனமே சொல்கிறது. ஆதார் எண் தெரியும்படி எதையும் ஏற்ற வேண்டாம்.

தமிழ்நாட்டில் இறப்புச் சான்றிதழுக்கு மாநகராட்சி, நகராட்சிகளில் அவற்றின் பதிவாளரிடமும் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும் போகிறோம். மரணத்தை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அதற்குப் பிறகு 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதியும் சுயசான்றொப்பமிட்ட ஆவணமும் வேண்டும், ஒரு வருடம் கடந்தால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை போகும். மருத்துவமனையில் இறந்தால் பதிவு பெரும்பாலும் அவர்கள் மூலமாகவே போய்விடும். வீட்டில் நடந்த மரணத்தைக் குடும்பம்தான் நினைவாகத் தெரிவிக்க வேண்டும்.

சான்றிதழ் கையில் இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு: பெயர். கணக்கில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பது விதி. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துப் பழகிய நிறுவனங்கள் நம் இனிஷியலைப் பார்த்துக் குழம்புவது பழைய கதை. அதோடு, ஃபேஸ்புக்கில் முழுப் பெயரோடு இருப்பவர்கள்தான் நம்மில் எத்தனை பேர்?

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா மதுரையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். சான்றிதழில் அவர் பெயர் ‘ப. ராஜேந்திரன்’, ஆங்கில வரியில் P. Rajendran. ஃபேஸ்புக்கில் அவர் Madurai Raja. கடைக்கும் அவர் பெயரிலேயே ஒரு பக்கம். மகள் சான்றிதழை மட்டும் ஏற்றி அனுப்பினால், இந்த இருவரும் ஒருவர்தான் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

அவள் செய்ய வேண்டியது இந்த வரிசையில் போகும். முதலில் கடைப் பக்கம். அம்மாவோ தம்பியோ ஏற்கெனவே அதில் நிர்வாகியாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பயமில்லை. இல்லையென்றால் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்து, பக்கத்தில் உள்ள படங்களையும் வாடிக்கையாளர் எண்களையும் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்து, அப்பாவின் பக்கத்தைத் திறந்து அதன் முகவரியை அப்படியே நகலெடுக்க வேண்டும். அதே பெயரில் பத்து ராஜாக்கள் இருப்பார்கள், முகவரிதான் ஆளை அடையாளம் காட்டும். பிறகு சான்றிதழோடு, அவர் முகமும் பிறந்த தேதியும் உள்ள ஓர் அடையாள அட்டையை எண்ணை மறைத்து எடுத்து வைக்க வேண்டும். கணக்கில் உள்ள பிறந்த தேதியும் அதுவும் ஒன்றாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இரங்கல் போஸ்டரில் ‘மதுரை ராஜா என்கிற ராஜேந்திரன்’ என்று அச்சடித்திருந்தால் அதன் படமும் இரு பெயரையும் இணைக்கும். நம் ஊர் போஸ்டர் வேறு எதற்கு உதவுகிறதோ இல்லையோ, இதற்கு உதவும்.

சான்றிதழிலேயே எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்தாமல் மேலே போவதில் பயனில்லை. வங்கி, காப்பீடு, பட்டா எல்லாவற்றிலும் அதே பிழை வந்து நிற்கும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளரிடமே ஆதாரத்தோடு விண்ணப்பித்துத் திருத்தம் கேட்கலாம். வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்கி வைத்துக்கொண்டால், ‘நீங்கள் அவருக்கு என்ன உறவு’ என்று கேட்கும் இடங்களில் கை கொடுக்கும்.

இடையில் ஒரு சிம் கார்டு தகராறு செய்யும். அப்பா இல்லை, இனி எதற்கு ரீசார்ஜ் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து இன்னொருவருக்கு வழங்க நம் நாட்டில் விதி இடம் கொடுக்கிறது. எண் கை மாறினால் வாட்ஸ்அப்பும் புதியவர் கைக்குப் போகலாம். கணக்குகள் எல்லாம் முடியும்வரை அந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

கூகுள் இன்னும் கறார். விண்ணப்பிப்பவரின் அரசு அடையாள அட்டையும் இறப்புச் சான்றிதழும் வேண்டும், ஆவணம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். கணக்கை மூடத் தருவார்களே தவிர கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள். உள்ளே இருக்கும் கடிதங்களும் படங்களும் வேண்டுமென்றால் நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். ஃபேஸ்புக்கிலும் தனிப்பட்ட உரையாடல்களின் நிலை இதேதான்.

உயிரோடு இருக்கும்போதே ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இத்தனை காகிதத்தில் பாதி தேவைப்படாது. ஃபேஸ்புக்கின் Accounts Center பகுதியில் Memorialization என்ற இடத்தில், தன் மறைவுக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம், அல்லது மரணம் தெரிந்ததும் கணக்கை நீக்கச் சொல்லலாம். நியமிக்கப்பட்டவர் முகப்புப் படத்தை மாற்றலாம், இரங்கல் பதிவு ஒன்றை மேலே நிறுத்தலாம், கணக்கை நீக்கக் கேட்கலாம். உரையாடல்களை அவராலும் படிக்க முடியாது. கூகுளில் Inactive Account Manager என்ற அமைப்பு உண்டு. மூன்று மாதம் முதல் 18 மாதம் வரை கணக்கு அசைவற்றுக் கிடந்தால் யாருக்கு எந்தத் தகவல் போக வேண்டும் என்று அதில் பத்துப் பேர் வரை குறித்து வைக்கலாம். ஆப்பிள் கணக்குக்கு நியமிக்கப்படுபவருக்கு ஒரு சாவி எண் கிடைக்கும். பிற்பாடு அந்த எண்ணையும் இறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அந்தச் சாவியை அச்செடுத்து எல்ஐசி பாலிசி இருக்கும் அதே கோப்பில் வைத்து, அது அங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவிட வேண்டும்.