இரும்பு விலை ஏறும்போது கொட்டேஷன் எத்தனை நாள் தாங்கும்?

வீடு கட்டுபவர் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி மூன்றுக்கும் சேர்த்து ஒரு வெல்டிங் பட்டறையில் கொட்டேஷன் வாங்குகிறார். அடியில் ‘30 நாட்களுக்குச் செல்லும்’ என்று அச்சாகியிருக்கிறது. இருபத்தைந்தாம் நாள் வேலையைத் தொடங்கச் சொன்னால், “இரும்பு ரேட் ஏறிடுச்சு சார், பழைய விலைக்குக் கட்டுப்படியாகாது” என்கிறார் பட்டறைக்காரர். இருவருக்கும் மனக்கசப்பு. இதில் யாரும் ஏமாற்றவில்லை. வாரத்துக்கு வாரம் விலை மாறும் பொருளுக்கு, விலை அசையாத காலத்தில் அச்சடித்த 30 நாள் கெடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு அதுதான்.

அந்தக் கெடுவின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலைக்கு 600 கிலோ இரும்பு, கிலோ 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரும்புக்கு 39,000. கூலி 24,000. பிரைமர், பெயிண்ட், வெல்டிங் ராடு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 9,000. லாபம் 8,000. வரி நீங்கலாக மொத்தம் 80,000 ரூபாய். இப்போது இரும்பு வாரத்துக்கு கிலோவுக்கு 2 ரூபாய் ஏறுகிறது. ஒரு வாரத்தில் 1,200 ரூபாய் போகும். பட்டறை அதைத் தாங்கும். நான்கு வாரத்தில் 4,800 போய்விடும். லாபத்தில் பாதிக்கும் மேல் கரைந்தபின் யாராக இருந்தாலும் பைப்பின் கனத்தைக் குறைக்கத்தான் மனம் போகும். கேட்டைத் திறந்து மூடப்போகும் வீட்டுக்காரர் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

விலை ஏறலாம், இறங்கலாம், ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. விலை ஏறினால் வீட்டுக்காரர் பழைய கொட்டேஷனை எடுத்துக்கொண்டு வருவார். இறங்கினால் வேறு பட்டறையில் புதிதாக ஒன்று வாங்குவார். கெடு நீள நீள நஷ்டம் ஒரு பக்கம் மட்டுமே சேரும்.

அதனால் இரும்புக் கடைக்காரர் எத்தனை நாள் அதே விலைக்குத் தருவதாகச் சொல்கிறாரோ, அதையொட்டியே பட்டறையின் கெடுவும் இருக்க வேண்டும். அவர் மூன்று நாள் என்றால், நாம் ஒரு வாரம் வரை துணியலாம். நம் கணக்கில் அந்த ஒரு வாரத்துக்கு ஆகும் செலவு 1,200 ரூபாய். அதற்கும் குறைத்து ‘இன்று மட்டும்’ என்று நெருக்குவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்கவும், வீட்டில் கலந்து பேசவும் ஒரு வாரமாவது வேண்டும். அதையும் ‘7 நாட்கள்’ என்று எழுதாமல், முடியும் தேதியையே எழுதுவது நல்லது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற பேச்சு அப்போது எழாது.

ஒரு மாதம் கட்டாயம் வேண்டும் என்று கேட்பவருக்கும் வழி இருக்கிறது. கூலியும் மற்ற செலவும் ஒரு மாதத்தில் பெரிதாக மாறாது. அவற்றுக்கு 30 நாள் கெடு கொடுக்கலாம். இரும்பை மட்டும் தனி வரியில் பிரித்து, ‘கிலோ 65 ரூபாய் கணக்கில், 2 ரூபாய் வரை ஏறினாலும் இறங்கினாலும் மாற்றமில்லை, அதைத் தாண்டினால் தாண்டிய தொகை மட்டும் கூடும், குறையும்’ என்று எழுதலாம். வாங்கும் நாளில் 69 ரூபாய் என்றால் தாண்டியது 2 ரூபாய். 600 கிலோவுக்கு 1,200 ரூபாய் கூடும். 61 ஆனால் அதே 1,200 குறையும். கடை பில்லைக் காட்ட வேண்டும். ‘குறையும்’ என்ற சொல் இல்லாத கொட்டேஷனில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடக் கூடாது.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, குறித்த கெடு முடிந்ததும் அந்த விலை காலாவதியாகிறது. கெடுவே குறிக்காவிட்டால் ‘நியாயமான காலம்’ வரை செல்லும். எது நியாயமான காலம் என்பதில்தான் சண்டை வரும். 5ஆம் பிரிவின்படி, மறுதரப்பு ஒப்புக்கொள்வதற்கு முன்னால் சொன்ன விலையைத் திரும்பப் பெறவும் செய்யலாம். ஒப்புக்கொண்ட பிறகு முடியாது.

பலர் சறுக்குவது அந்த இடத்தில்தான். வீட்டுக்காரர் ஐந்தாம் நாளே “சரி” என்கிறார். ஆனால் பூச்சு வேலை முடியவில்லை, அளவெடுக்க இரண்டு மாதம் ஆகும் என்கிறார். கெடுவுக்குள் ஒப்புக்கொண்டாயிற்று, விலை நின்றுவிட்டது, இரும்பு மட்டும் இன்னும் கடையில் இருக்கிறது. ஆகவே ஒப்புதலோடு அட்வான்ஸும் அந்தத் தேதிக்குள் வந்தால்தான் விலை செல்லும் என்று எழுத வேண்டும். அட்வான்ஸ் இரும்பு முழுவதையும் வாங்கப் போதுமானதாக இருக்க வேண்டும். நம் கணக்கில் பாதித் தொகையான 40,000 அதற்குச் சரியாக வரும். பணம் வந்த அன்றே பட்டறைக்காரர் சரக்கை எடுத்து, துருப்பிடிக்காமல் ஒரு கை பிரைமர் அடித்து அடுக்கிவிட வேண்டும். அந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பிவிட்டு, பிறகு விலை ஏறிவிட்டது என்று வந்து நிற்க அவருக்கு உரிமையில்லை.

கெடு தாண்டி வருபவரிடம் பழைய தாளில் அடித்துத் திருத்திக் கொடுக்காமல், புது எண், புதுத் தேதி போட்டு இன்னொன்று கொடுக்க வேண்டும். அதில் இரும்பு வரி மட்டும் மாறியிருக்கும், கூலி அதேதான்.