மூன்று விருந்தாளிகள், ஒரு நிமிடம்

தொழில் கூட்டத்தில் சொந்தக் கதை சொல்லலாம். ஆனால் அது எங்கே போய் முடிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஏர்பிஎன்பி கதையைப் பாருங்கள். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் வாடகை கட்டத் திணறினார்கள். ஊரில் வடிவமைப்பாளர் மாநாடு, ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. வீட்டில் காற்று மெத்தைகளைப் போட்டு, காலை உணவும் தருவதாக இணையத்தில் அறிவித்தார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் காசு கொடுத்துத் தங்கினார்கள்.

முதலீட்டாளர்களிடம் இதைச் சொன்னால் கருத்து ஒன்றுதான்: அந்நியர் வீட்டில் தங்கவும் ஆட்கள் பணம் தருவார்கள். அந்த வரியை முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு விவரத்தையும் அதனோடு உரசிப் பார்க்கலாம். மாநாடு, நிரம்பிய ஹோட்டல், மூன்று பேர் நிற்கும். இருவரும் கல்லூரித் தோழர்கள் என்பது போய்விடும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் கூட்டாளிகளின் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் கல்லூரி உள்ளே வரும், மாநாடு வெளியே போகும்.

ஐந்து நிமிடப் பேச்சில் கதைக்கு ஒரு நிமிடம் தாராளம். மனதுக்குள் படித்தால் நேரம் ஏமாற்றும். வாய்விட்டுச் சொல்லி, செல்போனில் நேரம் பாருங்கள். பிறகு ஒரு சக ஊழியரிடம் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். "பாவம், வாடகைக்கே கஷ்டப்பட்டிருக்காங்க" என்றால், கதை கருத்தை விழுங்கிவிட்டது. வாடகையை அரை வரியாகக் குறையுங்கள்.

மூன்று விருந்தாளிகள் சந்தையின் அளவைக் காட்ட மாட்டார்கள். அதனால் கதை முடிந்த அடுத்த வாக்கியத்திலேயே விற்பனைக் கணக்கு வர வேண்டும்.