மேலாளர் நாற்காலியில் முதல் வருடம்

வங்கிக் கவுன்டரில் வேலை பார்ப்பவருக்குத் தினமும் மாலையில் ஒரு தீர்ப்பு கிடைத்துவிடும். ரொக்கம் டேலி ஆனால் அன்றைய வேலை சரி. நூறு ரூபாய் குறைந்தால் எங்கே தவறியது என்று அன்றே தேடிப் பிடித்துவிடலாம். அவரே பதவி உயர்வு பெற்றுக் கிளை மேலாளராக உட்காரும்போது அந்தத் தீர்ப்பு நின்றுபோகிறது. இன்று கையெழுத்திட்ட கடன் நல்ல கடனா என்பது தெரிய மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால்தான் அது வாராக்கடன் கணக்கில் சேரும். அதுவரை, செய்தது சரியா தப்பா என்று சொல்ல எதுவுமில்லை. ‘எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒருநாள் வெளியே வந்துவிடும்’ என்ற பயம் அங்கேதான் வேர்விடுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும் 1978இல் இந்தப் பயத்தைப் பற்றி எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் உயர்ந்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் கண்டது, சாதனைகள் கண்முன்னே இருந்தும் தாங்கள் பிறரை ஏமாற்றுவதாக அவர்கள் நம்பியதைத்தான். ஆண்களுக்கும் இது வரும் என்பது பின்னால் தெளிவானது. இது மனநோய்ப் பட்டியலில் உள்ள நோயல்ல. ஆனால் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் ஒரு சுழல் இதில் உண்டு. பயத்தில் தேவைக்கு மேல் உழைக்கிறோம். வேலை நன்றாக முடிகிறது. ‘ராப்பகலாய்ப் பாடுபட்டதால் தப்பித்தோம்’ என்றோ ‘அதிர்ஷ்டம்’ என்றோ சொல்லிக்கொள்கிறோம். அடுத்த வேலைக்கு அதே பயம் புதிதாக வந்து நிற்கிறது.

புது மேலாளரிடம் இந்தச் சுழலைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. அவர் பழைய வேலைக்குத் திரும்பிக்கொண்டே இருப்பார். அதிகாரிகள் சரிபார்த்த வவுச்சரை மறுபடி பார்ப்பார், கவுன்டரில் போய் நிற்பார். அங்கே அவர் கெட்டிக்காரர், மனம் ஆறுதலடைகிறது. மேசையில் கடன் விண்ணப்பங்கள் தேங்குகின்றன.

அப்படித் தேங்கிய ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் 10 லட்சமாக இருக்கும் நடைமுறை மூலதனக் கடனை 15 லட்சமாக்கக் கேட்கிறார். சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. 15 லட்சத்துக்கு 75 லட்ச விற்பனை வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கிலோ சென்ற ஆண்டு விற்பனை 52 லட்சம்தான். கடைத்தெருவை நன்கு அறிந்த மூத்த அதிகாரி பக்கத்து அறையிலேயே இருக்கிறார். கேட்டால் தன் அறியாமை அம்பலமாகிவிடும் என்று மேலாளருக்குத் தயக்கம்.

இங்கே உதவுவது, தன் கருத்தை முன்வைத்துத் தெரியாத ஒன்றை மட்டும் கேட்பது. “சார், 60 லட்ச விற்பனைக்குக் கணக்குப் போட்டு 12 லட்சம் தரலாம்னு நினைக்கிறேன். புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடு கட்டுறது கூடியிருக்குன்னு கடைக்காரர் சொல்றார், உண்மையா?” இப்படிக் கேட்பவரை யாரும் ஒன்றும் தெரியாதவர் என்று நினைப்பதில்லை. “உண்மைதான் மேடம், ஆனா அங்க இன்னொரு கடையும் திறந்திருக்காங்க” என்ற பதில், எந்தக் கோப்பிலும் இல்லாத தகவலைத் தருகிறது. முடிவு அப்போதும் மேலாளருடையதே.

12 லட்சம் என்று முடிவானதும், வாடிக்கையாளர் பெயரோ விவரமோ இல்லாமல் தனக்கென்று சில வரி எழுதிவைப்பது நல்லது: எதை நம்பி இந்த முடிவு, எது உறுதியாகத் தெரியவில்லை, எது நடந்தால் முடிவு தப்பு என்று ஒத்துக்கொள்வேன். ஆறு மாதம் கழித்து விற்பனைக் கணக்கை வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். விற்பனை ஏறியிருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது, காரணம் தன் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏறவில்லை என்றால் எந்த ஊகம் பிசகியது என்று தெரியும். ‘நான் லாயக்கில்லை’ என்ற பெரிய குற்றச்சாட்டு, ‘போட்டிக் கடையைக் குறைத்து மதிப்பிட்டேன்’ என்ற திருத்தக்கூடிய அளவுக்குச் சுருங்குகிறது. கவுன்டரில் இருந்த மாலைத் தீர்ப்பு, தாமதமாக, வேறு வடிவில் திரும்பக் கிடைக்கிறது.

எல்லாத் தயக்கத்தையும் மனத்தின் மாயை என்று தள்ளிவிடக் கூடாது. பயிர்க்கடனே பார்த்திராதவர் கிராமக் கிளைக்கு வந்தால் அது நிஜமான இடைவெளி. வட்டார அலுவலகத்தில் பயிற்சி கேட்டுப் பெறுவதே அதற்கு மருந்து. பெண் மேலாளர் எதிரே அமர்ந்திருக்க, பக்கத்தில் நிற்கும் ஆண் அதிகாரியிடம் ‘மேனேஜர் எங்கே’ என்று கேட்கும் ஊரில், அவருக்கு எழும் சந்தேகத்தின் பாதி வெளியிலிருந்து வருவது. அந்த இடத்தில் அதிகாரி உடனே “மேடம்தான் மேனேஜர்” என்று சொல்ல வேண்டும். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டு, காலையில் கிளைக்குக் கிளம்பவே நெஞ்சு படபடத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.