முப்பத்தாறு எண்களில் ஒரு வழி

புதிர்ப்பாதைக்குள் இறக்கிவிடப்பட்ட குட்டி ரோபோவுக்கு யாரும் வழி சொல்லித் தருவதில்லை. கையில் வரைபடமும் கிடையாது. வாசல் கட்டத்தை எட்டினால் 100 மதிப்பெண், வேறு எங்கே போனாலும் பூஜ்யம். அதற்குத் தெரிந்த விதி இவ்வளவுதான். ஆனாலும் சில நூறு முறை ஓடவிட்டால், புறப்பட்ட இடத்திலிருந்தே தயங்காமல் சரியான பக்கம் திரும்புகிறது. மதிப்பெண் கிடைப்பதோ கடைசி அடியில். முதல் அடி சரியா தவறா என்று அதற்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்விக்கு எளிமையான ஒரு பதிலைத் தந்தவர் கிறிஸ் வாட்கின்ஸ். 1989இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வந்த முறைக்குக் கியூ-லேர்னிங் என்று பெயர். வலுவூட்டல் கற்றல் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். காரணம், இதில் ரோபோவின் அறிவு முழுவதும் ஓர் அட்டவணைக்குள் அடங்கிவிடுகிறது. பென்சிலும் தாளும் இருந்தால் நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

கட்டங்களும் அட்டவணையும்

மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரு புதிர்ப்பாதையை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசை 1, 2, 3. நடு வரிசை 4, 5, 6. கீழ் வரிசை 7, 8, 9. ரோபோ கட்டம் 1இல் புறப்படுகிறது, வாசல் கட்டம் 9. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகலாம், இரண்டிலிருந்து கீழே ஐந்துக்கு இறங்கலாம். ஐந்துதான் சந்திப்பு. இடப்பக்கம் திரும்பினால் 4, 7 என்று முட்டுச்சந்து. வலப்பக்கம் 6, 3 என்று இன்னொரு முட்டுச்சந்து. நேராகக் கீழே இறங்கினால் 8, அதற்கு வலப்பக்கம் 9. மற்ற இடமெல்லாம் சுவர்.

அட்டவணையில் கட்டத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மேலே, கீழே, இடது, வலது என நான்கு எண்கள். மொத்தம் 36 எண்கள், தொடக்கத்தில் எல்லாமே பூஜ்யம். ஒவ்வோர் எண்ணும் சொல்வது ஒன்றைத்தான்: இந்தக் கட்டத்தில் இந்தப் பக்கம் திரும்பினால் கடைசியில் எவ்வளவு தேறும் என்ற மதிப்பீடு. ஒவ்வோர் அடி வைத்த பிறகும் ரோபோ அந்த அடிக்குரிய எண்ணை மட்டும் திருத்துகிறது. திருத்தும் விதி ஒரே வரி:

```
Q[s][a] = Q[s][a] + 0.5 * (r + 0.9 * max(Q[s2]) - Q[s][a])
```

`s` என்பது நின்ற கட்டம், `a` திரும்பிய பக்கம், `r` கிடைத்த மதிப்பெண், `s2` போய்ச் சேர்ந்த கட்டம். போய்ச் சேர்ந்த கட்டத்தின் வரிசையில் இருக்கும் மிகப் பெரிய எண்ணை எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, கையில் கிடைத்த மதிப்பெண்ணோடு கூட்டினால் புது மதிப்பீடு. பழைய எண்ணை அந்தப் புது மதிப்பீட்டை நோக்கிப் பாதி தூரம் நகர்த்த வேண்டும். அந்தப் பாதிதான் 0.5, அதை ஆல்பா, கற்கும் வேகம் என்பார்கள். 0.9 என்பது காமா.

சேதி பின்னோக்கி வருகிறது

முதல் ஓட்டத்தில் எல்லா எண்ணும் பூஜ்யம் என்பதால் ரோபோ கண்டபடி அலைகிறது. முட்டுச்சந்துகளில் நுழைகிறது, சுவரில் மோதுகிறது, வந்த வழியே திரும்புகிறது. எப்படியோ 8இலிருந்து வலப்பக்கம் திரும்பி 9ஐ எட்டிவிடுகிறது. 100இல் பாதி 50. எட்டாம் வரிசையில் ‘வலது’ என்ற இடத்தில் 50 விழுகிறது. அத்தனை அலைச்சலுக்கும் அட்டவணையில் மாறியது இந்த ஓர் எண் மட்டும்தான்.

இரண்டாம் ஓட்டத்தில் ரோபோ சுற்றாமல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்திலிருந்து எட்டுக்கு இறங்கும்போது மதிப்பெண் ஏதும் இல்லை. ஆனால் எட்டாம் வரிசையில் 50 காத்திருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு 45, அதில் பாதி 22.5. ஐந்தாம் வரிசையின் ‘கீழே’ 22.5 ஆகிறது. அடுத்த அடியில் எட்டின் ‘வலது’ 75ஆக உயர்கிறது. மூன்றாம் ஓட்டத்தில் இரண்டாம் கட்டத்துக்குச் சேதி எட்டுகிறது, வெறும் 10.125. நான்காம் ஓட்டத்தில்தான் புறப்படும் கட்டத்தின் ‘வலது’ பூஜ்யத்திலிருந்து அசைந்து ஏறத்தாழ 4.56 ஆகிறது.

கோயில் வரிசையில் நடை திறந்த சேதி முன்னே நிற்பவரிடமிருந்து ஒவ்வொருவராகப் பின்னால் வருவதைப் போல, வாசலின் மதிப்பு ஓட்டத்துக்கு ஒரு கட்டமாகப் பின்வாங்கி வருகிறது. ஓட்டங்கள் கூடக் கூட எண்கள் நிலைபெறுகின்றன: எட்டின் ‘வலது’ 100, ஐந்தின் ‘கீழே’ 90, இரண்டின் ‘கீழே’ 81, ஒன்றின் ‘வலது’ 72.9. சந்திப்பான ஐந்தாம் வரிசையில் மற்ற மூன்று பக்கங்களும் 72.9இல் நிற்கின்றன. முட்டுச்சந்துக்குப் போனாலும் திரும்பி வந்து வாசலை அடையலாம், இரண்டு அடி வீண், அவ்வளவுதான். அந்த இரண்டு அடியின் விலைதான் 90க்கும் 72.9க்கும் உள்ள வித்தியாசம்.

காமாவை 1 என்று வைத்தால் இந்த வித்தியாசமே இருக்காது. எல்லாப் பக்கமும் 100ஐ நோக்கிப் போய்விடும். முன்னே போவதும் பின்னே போவதும் ரோபோவுக்கு ஒன்றாகிவிடும்.

தெரிந்த வழியே போதுமா?

இப்போது 7க்கும் 8க்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடுவோம். வாசலுக்கு இரண்டு வழிகள்: 1, 2, 5, 8, 9 என நான்கே அடி, அல்லது ஐந்தில் இடப்பக்கம் திரும்பி 4, 7, 8 என்று சுற்றி ஆறு அடி. ரோபோ முதலில் சுற்றுவழியைத்தான் கண்டுபிடித்தது, ஐந்தின் ‘இடது’ மெல்ல ஏறி 72.9இல் நின்றது, ‘கீழே’ இன்னும் பூஜ்யம். எப்போதும் பெரிய எண்ணையே நம்பிப் போகும் ரோபோ காலம் முழுக்கச் சுற்றியே போகும். குறுக்குவழி பக்கத்திலேயே இருந்தும் அதற்குத் தெரிய வாய்ப்பில்லை.

அதனால்தான் அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பச் சொல்கிறோம். அந்த வாய்ப்பின் அளவு எப்சிலான். அதை 0.1 என்று வைத்தால், பத்தில் ஓர் அடி குருட்டாம்போக்கு. ஐந்தில் நிற்கும் ரோபோ அப்படிக் கீழே இறங்கும் வாய்ப்பு நாற்பதில் ஒன்று. முதல் முறை இறங்கினால் அந்த எண் 45, இரண்டாம் முறை 67.5, மூன்றாம் முறை 78.75. அப்போதுதான் 72.9ஐத் தாண்டி நேர்வழி ஜெயிக்கிறது. அதாவது சராசரியாக நூற்றிருபது தடவை ஐந்தைக் கடக்க வேண்டும். இவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்பதால், எப்சிலானை 1இல் தொடங்கி ஓட்டத்துக்கு ஓட்டம் குறைத்துக்கொண்டே வருவது வழக்கம்.

இந்தத் துழாவல் ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்குக் கணித ஆதாரமும் உண்டு. அட்டவணை சரியான எண்களுக்குப் போய்ச் சேரும் என்று வாட்கின்ஸும் பீட்டர் தயானும் 1992இல் நிரூபித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பக்கமும் திரும்பத் திரும்ப முயலப்பட வேண்டும், ஆல்பாவும் தக்கபடி குறைந்து வர வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகளில் முக்கியமானவை.

எங்கே சறுக்கும்?

நிரலை எழுதி ஓடவிட்டதும் ரோபோ முதல் கட்டத்திலேயே மேல்சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் பயப்பட வேண்டாம். `np.argmax` போன்ற கட்டளைகள் எல்லா எண்ணும் சமமாக இருந்தால் முதலாவதைத்தான் எடுத்துத் தரும். ‘மேலே’ முதலாவதாக எழுதப்பட்டிருந்தால், அது பூஜ்யமாக இருக்கும்வரை ரோபோ மேலேயே போகப் பார்க்கும். சமமாக இருப்பவற்றில் ஒன்றைக் குலுக்கிப்போட்டு எடுக்கச் சொல்லலாம். அல்லது ஒவ்வோர் அடிக்கும் −1 என்று அபராதம் போடலாம். அப்போது ஒரு முறை முட்டியதும் ‘மேலே’ −0.5 ஆகிவிடும், பூஜ்யத்தில் இருக்கும் மற்ற பக்கங்கள் மேலானவையாகத் தெரியும்.

இன்னொரு சறுக்கல் வாசலில். 9ஐ எட்டியதும் ஓட்டம் முடிய வேண்டும், அதன் வரிசை பூஜ்யமாகவே இருக்க வேண்டும். முடிக்க மறந்தால் ரோபோ எட்டுக்குத் திரும்பி வந்து மறுபடியும் நுழைந்து மறுபடியும் 100 வாங்கும். இதைப் பிடிப்பது சுலபம்: பரிசே 100தான் எனும்போது அட்டவணையில் 500க்கு மேல் எண்கள் நின்றால் கதவு திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

நிஜ ரோபோவில் சிக்கல் வேறு. சக்கரம் வழுக்கும், 90 டிகிரி திரும்பச் சொன்னால் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். ஐந்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு நான்கில் நிற்கும். அப்போது சரியான எண் தவறான வரிசையில் போய் விழுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கறுப்பு டேப்பால் குறுக்குக் கோடு ஒட்டி, ரோபோவின் அடியில் உள்ள சென்சாரால் எண்ணவைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். நூற்றுக்கணக்கான ஓட்டங்களை மடிக்கணினியில் ஓட்டி முடித்து, தயாரான அட்டவணையை மட்டும் ரோபோவுக்கு ஏற்றுவது இன்னும் நல்லது.

ஏற்றும்போது அளவையும் பார்க்க வேண்டும். மைக்ரோமவுஸ் போட்டிகளின் வழக்கமான 16க்கு 16 பாதையில் 256 கட்டங்கள், 1,024 எண்கள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் 4,096 பைட். அர்டுயினோ யூனோ ஆர்3 பலகையின் தற்காலிக நினைவகமோ 2,048 பைட்தான். கற்று முடித்த பிறகு எண்கள் தேவையில்லை, கட்டத்துக்கு ஒரு திசை போதும் என்பதால் 256 பைட்டில் அடக்கிவிடலாம். அந்தப் போட்டிகளில் பெரும்பாலும் கியூ-லேர்னிங்கை யாரும் நம்புவதில்லை என்பதும் உண்மை. சுவரைக் கண்டதும் தூரத்தை மறுபடி கணக்கிடும் ‘ஃப்ளட் ஃபில்’ முறை சில ஓட்டங்களிலேயே வழியைத் தந்துவிடுகிறது.

அட்டவணைக்குப் பாதையின் வடிவம் தெரியாது, எண்கள்தான் தெரியும். 5க்கும் 8க்கும் நடுவே திடீரென்று ஒரு சுவரை வைத்துப் பாருங்கள். கற்றுத் தேர்ந்த ரோபோ கீழே போகப் பார்த்து முட்டும். முட்டியதும் நின்ற இடத்திலேயே நிற்பதால், புது மதிப்பீட்டுக்கு அது பார்ப்பது அதே ஐந்தாம் வரிசையின் அதே 90ஐத்தான். எனவே ஒவ்வொரு முட்டலுக்கும் எண் நூற்றுக்கு ஐந்து பங்குதான் குறைகிறது: 85.5, 81.2, 77.2, 73.3, 69.6. ஐந்தாவது முட்டலில்தான் அது 72.9க்குக் கீழே இறங்குகிறது. ஆறாவது முறை ரோபோ வேறு பக்கம் திரும்பும்.